நிறுத்தம் எப்போது குழப்பமாகிறது? பயனர் சோதனைப் பதிவுகளைக் குறியிடுதல் பற்றி

1. கேள்வி

ஒரு கைபேசிச் செயலியைச் சிலரிடம் கொடுத்து, குறிப்பிட்ட ஒரு வேலையை அதில் செய்யச் சொல்லி, திரையையும் குரலையும் கைகளையும் ஒளிப்பதிவு செய்வது செயலி உருவாக்கும் குழுக்களுக்குப் பழகிப்போன வேலை. ஐந்தாறு பேரை வைத்துச் சோதித்தாலே சில மணி நேரப் பதிவு சேர்ந்துவிடும். பிறகு யாராவது உட்கார்ந்து அதை ஓட்டிப் பார்த்து, இந்த நொடியில் இவர் தயங்கினார், இந்த நொடியில் குழம்பினார் என்று நேரத்தோடு குறித்துக்கொண்டு போக வேண்டும். இதைத்தான் குறியிடல் என்கிறோம். எந்தத் திரையை மாற்றுவது, எதை அப்படியே விடுவது என்ற முடிவுகள் இந்தக் குறிகளின் மேல்தான் எடுக்கப்படுகின்றன.

குறியிடலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எந்த மென்பொருளில் செய்வது, எத்தனை பேரைச் சோதிப்பது என்பதோடு நின்றுவிடுகிறது. இக்கட்டுரை அதற்கு ஒரு படி முன்னால் உள்ள கேள்வியை எடுத்துக்கொள்கிறது. பதிவில் உண்மையாகவே தெரிவது எது, பார்ப்பவர் தன் பங்காகச் சேர்ப்பது எது? ஒளிப்பதிவில் குழப்பம் என்று ஒன்று தனியாகத் தெரிவதில்லை. விரல் நிற்கிறது, அதே இடத்தை மறுபடி தட்டுகிறது, குரல் இறங்குகிறது, கண் வேறெங்கோ போகிறது. இவற்றைக் கோத்து ‘குழப்பம்’ என்று பெயரிடுவது பார்ப்பவரின் ஊகம். ஊகம் கூடாதென்று சொல்ல வரவில்லை. அது இல்லாமல் பதிவுக்குப் பொருளே கிடையாது. ஆனால் கண்டதும் ஊகித்ததும் ஒரே குறியாக எழுதப்படும்போது பின்னர் எவராலும் அவற்றைப் பிரிக்க முடிவதில்லை. இந்தத் துறையில் அரை நூற்றாண்டுக்கும் குறைவான காலத்தில் சேர்ந்திருக்கும் ஆய்வுகளைப் படித்தால், சிக்கல்களில் பாதி இந்த இடத்தில் பிறப்பது தெரிகிறது.

2. இதுவரையான புரிதல்

சோதனைக்கு வந்தவரை ‘மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்’ என்று கேட்கும் முறையைச் செயலிச் சோதனைக்குக் கொண்டுவந்தவராகப் பொதுவாகச் சொல்லப்படுபவர் ஐபிஎம் ஆய்வாளர் கிளேட்டன் லூயிஸ். அது 1982. அந்த முறைக்கான கோட்பாட்டு அடித்தளத்தை ஆண்டர்ஸ் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் 1980இல் ஒரு கட்டுரையாகவும் 1984இல் நூலாகவும் தந்தார்கள். அவர்கள் வைத்த எல்லை கறாரானது. அந்த நொடியில் மனத்தில் இருப்பதைச் சொல்வது சிந்தனையின் போக்கைப் பெரிதாக மாற்றாது. ‘ஏன் இப்படிச் செய்தேன்’ என்று விளக்கச் சொன்னால் மாற்றிவிடும். ஆகவே சோதனையை நடத்துபவர் சொல்லத் தக்கது ஒன்றுதான்: தொடர்ந்து பேசுங்கள்.

நடைமுறை அப்படி இல்லை. டெட் போரனும் ஜூடித் ரேமியும் 2000இல் எழுதிய கட்டுரை, சோதனை நடத்துபவர்கள் எரிக்சன்–சைமனை மேற்கோள் காட்டினாலும் அவர்கள் வகுத்த விதிகளின்படி நடப்பதில்லை என்று காட்டியது. இடையிடையே கேள்வி கேட்கிறார்கள், தேற்றுகிறார்கள், விளக்கம் கேட்கிறார்கள். இதில் வியப்பு ஒன்றுமில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் சுவரைப் போல இருந்தால் யாரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் குறியிடுபவருக்கு இதனால் ஒரு கடமை வந்து சேர்கிறது. நடத்துபவர் வாய் திறந்த ஒவ்வோர் இடத்தையும் அவர் தனிக் குறியாகப் பதிய வேண்டும். அதற்குப் பிறகு பயனர் செய்வது முழுக்க அவராகச் செய்ததாக ஆகாது.

பதிவைப் பார்க்கும் கண்ணை வேறு வகையில் மாற்றியவர் மானிடவியலாளர் லூசி சச்மன். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில், உதவிக் குறிப்புகள் தரும் நகலெடுக்கும் இயந்திரம் ஒன்றை இருவர் இருவராகப் பயன்படுத்தச் சொல்லிப் படம்பிடித்தார். அப்படி எடுத்த படமொன்றில் திணறுபவர்கள் ஆலன் நியூவெல்லும் ரான் கப்லனும். ஒருவர் கணினி அறிவியலின் முன்னோடி, மற்றவர் கணினி மொழியியலர். தடுமாற்றத்துக்குப் படிப்பறிவின்மையைக் காரணம் காட்டுபவர்களுக்கு அந்தப் படம் நல்ல பதில்.

1987இல் வந்த தம் நூலில் சச்மன் இப்பதிவுகளை நான்கு பத்திகளாகப் பிரித்து எழுதினார். பயனர் செய்தவற்றில் இயந்திரத்துக்குத் தெரியாதவை முதல் பத்தி, இயந்திரத்துக்குத் தெரிந்தவை இரண்டாம் பத்தி. இயந்திரம் செய்ததில் பயனருக்குப் புலப்பட்டது மூன்றாவது, அதை அப்படி வடிவமைத்ததன் காரணம் நான்காவது. பேச்சு, பார்வை, தயக்கம் எல்லாம் முதல் பத்தியில் விழும். நடுவில் உள்ள இரண்டை மட்டும் பார்த்தால் வேலை ஒழுங்காக நடப்பது போலவே இருக்கும். இன்று செயலிகள் தட்டல்களைத் தாமாகவே பதிந்து அனுப்பும் தரவு முழுவதும் இந்த நடுப்பத்திகளைச் சேர்ந்ததுதான். ஒளிப்பதிவைப் பொறுமையாகக் குறியிட வேண்டியிருப்பது முதல் பத்திக்காக.

3. ஒரு பதிவு, நொடி நொடியாக

பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட ஒரு பதிவின் மேல் வேலை செய்து பார்ப்பது நல்லது. கீழே உள்ளது விளக்கத்துக்காக அமைத்துக்கொண்ட மாதிரிப் பதிவு. செயலியும் கற்பனையே. ஆனால் இதில் உள்ள ஒவ்வோர் அசைவும் இத்தகைய பதிவுகளில் அடிக்கடி காணக் கிடைப்பது.

நடுவயதுப் பெண் ஒருவர் வீட்டு மின்கட்டணம் கட்ட வேண்டும். கையில் ஈபி அட்டை. செயலியின் திரையில் மேலே மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் மூடிய நிலையில் இருக்கிறது. சாம்பல் எழுத்தில் ‘மண்டலம்’ என்று மட்டும் இருப்பதால் அது தலைப்பைப் போலத் தெரிகிறது. அதன் கீழே இணைப்பு எண்ணுக்கான கட்டம், அடியில் ‘தொடர்’ என்ற பொத்தான். மண்டலத்தைத் தேர்ந்தெடுக்காதவரை பொத்தான் வேலை செய்யாது. ஏன் என்று எதுவும் சொல்லாது.

02:14இல் திரை முழுமையாகத் திறக்கிறது. ஏழு நொடி விரல் அசையவில்லை, பேச்சும் இல்லை. கையைக் காட்டும் கேமராவில் மட்டும் அவர் அட்டையைத் திருப்பிப் பார்ப்பது தெரிகிறது. 02:21இல் ‘இதுல நம்பர் இருக்கு’ என்று சொல்லிக்கொண்டே எண்களைப் போடத் தொடங்குகிறார். 02:36இல் பொத்தானைத் தட்டுகிறார். ஒன்றும் நடக்கவில்லை. 02:38இலும் 02:39இலும் மறுபடி தட்டுகிறார். 02:41இல் ‘ம்... என்னமோ ஆகல’ என்கிறார். 02:44இல் கடைசி இரண்டு இலக்கங்களை அழித்து அதே இலக்கங்களைத் திரும்பப் போடுகிறார். 02:58இல் மீண்டும் தட்டுகிறார், பலனில்லை. 03:01 முதல் நான்கு நொடி எதையும் தொடவில்லை. 03:05இல் விரல் மண்டலத்தின் அருகே போகிறது. ‘இது நம்ம ஊரா... எது போடணும்?’ என்று கேட்டுக்கொண்டே நடத்துபவரைப் பார்க்கிறார். 03:09இல் நடத்துபவர் ‘வீட்ல தனியா இருந்தா என்ன செய்வீங்கம்மா?’ என்கிறார். 03:12இல் பட்டியலைத் திறந்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்துத் தம் மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கிறார். 03:24இல் பொத்தான் வேலை செய்கிறது. ‘சரி, வந்துருச்சு. எனக்குத்தான் தெரியல.’ அடுத்த திரையில் தொகை வருகிறது. 03:27 முதல் 03:33 வரை ஆறு நொடி எதையும் தொடாமல் பார்த்துவிட்டுப் பணம் செலுத்தப் போகிறார்.

இதை முதல் சுற்றில் குறியிடும்போது கண்டதை மட்டும் எழுத வேண்டும்: நிறுத்தம், மறுதட்டல், அழித்து எழுதல், தேடல், கேள்வி, நடத்துபவர் குறுக்கீடு. இந்தச் சொற்கள் எதிலும் மனநிலை இல்லை. காரணம் தெரியாத ஒருவரும் படத்தைப் பார்த்து இவற்றை எழுதிவிட முடியும். ஒலி, திரை, கை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரிசை வைத்து நேரத்தோடு எழுதுவதற்கு மொழியியலாளர்கள் பயன்படுத்தும் ஈலான், விலங்கு நடத்தை ஆய்வாளர்களின் போரிஸ் போன்ற இலவச மென்பொருள்கள் போதும். எக்செல் அட்டவணையிலும் செய்யலாம்.

இரண்டாம் சுற்றில்தான் பொருள் சேர்க்கிறோம். நான் நான்கு குறிகளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. படிப்பது, ஒப்பிட்டுப் பார்ப்பது எல்லாம் சரிபார்ப்பு. செயலி ஏதோ செய்கிறதென்று பொறுத்திருப்பது காத்திருப்பு. கண்ணெதிரே இரண்டு மூன்று வழிகள் இருந்து எதை எடுப்பதென்று தாமதிப்பது தயக்கம். திரை எந்த நிலையில் இருக்கிறதென்று பயனர் நினைப்பதும் அது உண்மையில் இருக்கும் நிலையும் பொருந்தாமல் போவது குழப்பம். தயக்கத்தில் இருப்பவருக்குத் தன் முன்னால் உள்ள கேள்வி தெரியும், பதில்தான் தெரியாது. குழப்பத்தில் இருப்பவர் வேறொரு கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருப்பார்.

இந்த வேறுபாட்டை வைத்துக்கொண்டு பதிவுக்குத் திரும்பலாம். 02:38 முதல் 03:05 வரை நடப்பது குழப்பம். அதற்கு வலுவான சான்று மறுதட்டலைவிட 02:44இன் அழித்து எழுதலில் இருக்கிறது. அவர் போட்ட எண் சரியான எண். சரியாக இருப்பதை ஒருவர் அழிக்கிறார் என்றால் பிழை அங்கே இருப்பதாக அவர் நம்புகிறார். ஆனால் குறியிடுபவர் கையில் ஈபி அட்டையின் நகலும் சரியான வழியை எழுதிய தாளும் இருந்தால்தான் இது தெரியும். இல்லாவிட்டால் அது சாதாரணத் தட்டச்சுத் திருத்தமாகத்தான் தோன்றும், ‘பிழை திருத்தினார்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். 03:05க்குப் பிறகு நடப்பது தயக்கம். இப்போது அவருக்குக் கேள்வி தெரிந்துவிட்டது, எந்த மண்டலம் என்பதுதான் தெரியவில்லை. 03:12இல் அவர் பட்டியலைத் திறந்தது நடத்துபவரின் கேள்விக்குப் பிறகு என்பதால், ‘தாமாகவே கண்டுபிடித்தார்’ என்று அறிக்கையில் எழுத நமக்கு உரிமையில்லை.

இரண்டாம் சுற்றுக்கு ஒரு விதி அவசியம். ஒரு நிறுத்தத்துக்குப் பொருள் எழுதுமுன், அடுத்த சரியான செயல் வரும்வரை பதிவை ஓட்டிப் பார்க்க வேண்டும். 02:14இன் ஏழு நொடியை அந்த நொடியிலேயே நிறுத்திப் பார்த்தால் தயக்கம் போலவே இருக்கும். ஓட்டிப் பார்த்தால் அட்டையில் எண் தேடியிருக்கிறார் என்று தெரிகிறது.

4. எத்தனை நொடி நின்றால் நிறுத்தம்?

மேலே உள்ள மூன்று நிறுத்தங்களையும் அளவின்படி அடுக்கினால் ஏழு, ஆறு, நான்கு நொடி என்று வரும். முதலாவது எண் தேடல். இரண்டாவது, பணம் கட்டுமுன் யாரும் செய்ய வேண்டிய சரிபார்ப்பு. குழப்பத்துக்குரியது மிகக் குட்டையானதுதான். ‘ஐந்து நொடிக்கு மேல் நின்றால் தயக்கம்’ என்ற விதியை இந்தப் பதிவில் ஓட்டினால் தேவையற்ற இரண்டும் பிடிபட்டு, தேவையான ஒன்று நழுவிவிடும்.

இருந்தாலும் அளவே இல்லாமல் குறியிடவும் முடியாது. ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியதை நிறுத்தம் என்று எழுதினால் குறிகளை ஒப்பிடவே வழியிருக்காது. கார்டும் மோரனும் நியூவெல்லும் (நகல் இயந்திரத்தின் முன் திணறிய அதே நியூவெல்) விசைத்தட்டு நிலை மாதிரியில், ஒரு செயலுக்கு மனத்தால் ஆயத்தமாக ஆகும் நேரத்தை 1.35 நொடி என்று கணக்கிட்டார்கள். அந்த எண்ணைத் தயக்கத்தின் எல்லையாக எடுத்துக்கொள்ள ஆசை வரும். ஆனால் அது பழகிய ஒருவர் தெரிந்த வேலையைப் பிழையின்றிச் செய்யும்போது ஆகும் சராசரி நேரம். புதிய திரையைப் படிப்பவருக்கு அது பொருந்தாது.

நடைமுறையில் கைகொடுப்பது அந்தந்தப் பயனரின் சொந்த வேகம். அதே பதிவில் அவர் எவ்விதத் தடையும் இல்லாமல் கடந்த ஐந்தாறு படிகளை எடுத்துக்கொண்டு, திரை தயாரான நொடியிலிருந்து முதல் தொடுதல் வரை ஆன நேரங்களை அளந்து, அவற்றின் நடுமதிப்பைக் குறித்துக்கொள்ளலாம். அதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டினால் முதல் சுற்றில் ‘நிறுத்தம்’. ஒருவருக்கு இது மூன்று நொடியாகவும் இன்னொருவருக்கு எட்டு நொடியாகவும் வரக்கூடும். இரண்டு மடங்கு என்பதும் ஒரு வசதிக்கான ஏற்பாடுதான். எல்லாப் பதிவுகளுக்கும் அதையே கையாண்டு, அறிக்கையிலும் சொல்லிவிட்டால் ஒப்பிடுவதற்குப் போதும்.

இங்கே அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. நேரத்தை முந்தைய தட்டலிலிருந்து எண்ணத் தொடங்குவது. இணைப்பு மெதுவாக இருந்தால் திரை வந்து சேரவே நான்கு நொடி ஆகும். அந்த நான்கும் செயலியின் கணக்கில் போக வேண்டியவை. திரையில் எல்லா எழுத்தும் வந்து நின்ற சட்டகத்திலிருந்துதான் எண்ண வேண்டும். இன்னொன்று, தட்டியும் எதுவும் நடக்காத இடங்கள். வெறும் திரைப்பதிவில் அவை தெரியவே தெரியாது. சோதனைக்கு முன் ஆண்ட்ராய்டில் டெவலப்பர் அமைப்புகளுக்குப் போய் `Show taps` என்பதை இயக்கிவைத்தால் விரல் பட்ட இடம் வெள்ளைப் புள்ளியாகப் பதிவில் விழும். அதை மறந்தால் மேலே உள்ள 02:38, 02:39 இரண்டும் வெற்றுத் திரையாகத்தான் தெரியும், மறுதட்டல் நடந்த ஐந்து நொடியை நிறுத்தமாக எழுதிவிடுவோம்.

வாய்விட்டுப் பேசுவதும் நேரத்தைத் தின்கிறது. பேசிக்கொண்டிருப்பதால் விரல் நின்றதா, விரல் நின்றதால் பேச்சு வந்ததா என்பது பல இடங்களில் பிரிக்க முடியாதது. மறுதலையாக, வேலை கடினமாகும்போது பேச்சு அற்றுப்போவதும் உண்டு. அதுவரை விடாமல் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று மௌனமானால், அந்த மௌனத்தின் தொடக்கத்தைத் தனி வரிசையில் குறித்துவைப்பது, விரல் நின்ற நேரத்தை அளப்பதைவிடப் பல சமயம் பயனுள்ளதாக இருக்கிறது.

5. இருவர் பார்த்தால்

இந்தத் துறைக்குச் சங்கடம் தந்த ஆய்வு 1998இல் வந்தது. நீல்ஸ் எபே யாகோப்சனும் மார்ட்டன் ஹெர்ட்ஸுமும் போனி ஜானும் ஒரே நான்கு ஒளிநாடாக்களை நான்கு மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்தார்கள். நால்வரும் சேர்ந்து கண்டுபிடித்த வெவ்வேறு சிக்கல்கள் 93. நால்வர் கண்ணிலும் பட்டவை அவற்றில் 20 விழுக்காடு மட்டுமே. 46 விழுக்காடு ஒரே ஒருவர் மட்டும் கண்டவை. எவை கடுமையான சிக்கல்கள் என்று ஒவ்வொருவரும் முதல் பத்தைப் பட்டியலிட்டபோது, நான்கு பட்டியலிலும் இடம்பெற்ற சிக்கல் ஒன்றுகூட இல்லை.

மதிப்பீட்டாளர்கள் மனம்போன போக்கில் பார்க்கவில்லை. எதைச் சிக்கல் என்று எழுத வேண்டும் என்பதற்கு அவர்களிடம் ஒன்பது வரையறைகள் இருந்தன. நோக்கத்தைச் சொன்னபின் மூன்று நிமிடத்துக்குள் அதை அடைய முடியாமற்போவது, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட செயல்களை முயன்றுதான் வழி கிடைப்பது, வெளிப்படையாகக் கைவிடுவது, வியப்பைக் காட்டுவது, எரிச்சலையோ குறையையோ வெளிப்படுத்துவது முதலானவை. இப்படி எண்ணத் தக்க வரையறைகள் இருந்தும் வேறுபாடு வந்ததுதான் கவனிக்க வேண்டியது.

இந்த முடிவை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஹெர்ட்ஸுமும் யாகோப்சனும் பின்னர் மற்ற ஆய்வுகளையும் திரட்டி, எந்த இரு மதிப்பீட்டாளருக்கும் இடையிலான சராசரி ஒப்புமை ஐந்து முதல் 65 விழுக்காடு வரைதான் என்று கண்டு, இதை மதிப்பீட்டாளர் விளைவு என்றார்கள். நோக்கங்கள் தெளிவற்றிருப்பதும் வரையறைகள் தெளிவற்றிருப்பதும் இதற்குக் காரணங்கள் என்றார்கள். இன்னொரு வாசிப்பும் இருக்கிறது. ஒரு சிக்கலும் இன்னொரு சிக்கலும் ஒன்றா வேறா என்று தீர்மானிப்பதே ஒரு மதிப்பீடு. நம் மாதிரிப் பதிவில் ஒருவர் ‘பொத்தான் வேலை செய்யவில்லை’ என்றும் இன்னொருவர் ‘மண்டலப் பட்டியல் கண்ணில் படவில்லை’ என்றும் எழுதினால் அவை இரண்டு சிக்கலா, ஒன்றா? இரண்டென்று எண்ணினால் ஒப்புமை சுழியம், ஒன்றென்றால் நூறு. வேறுபாட்டில் ஒரு பகுதி கண்ணில் இல்லாமல் எண்ணும் முறையில் இருக்கிறது என்பது என் கருத்து. கண்டதையும் ஊகித்ததையும் பிரித்து எழுதச் சொல்வதற்கு வலுவான காரணமும் இதுவே. முதல் சுற்றுக் குறிகளை நேரத்தைக் கொண்டே பொருத்திவிடலாம், விளக்கத்தைக் கொண்டு பொருத்த வேண்டியதில்லை.

வரையறைகளைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவற்றில் கணிசமானவை பயனர் வாய்விட்டுக் குறைசொல்வதை எதிர்பார்ப்பவை. நம் பதிவில் அந்தப் பெண் சொன்னது ‘எனக்குத்தான் தெரியல’ என்பது. அதில் எரிச்சல் இல்லை, வியப்பு இல்லை, யோசனை இல்லை. பொருள்கள் சரியாக வேலை செய்யாதபோது மக்கள் தம்மையே நொந்துகொள்வதைப் பற்றி டொனால்டு நார்மன் 1988இலேயே எழுதியிருக்கிறார். எதிரே படித்தவர் ஒருவர் உட்கார்ந்து, மரியாதையாகப் பேசி, தேநீரும் கொடுத்திருக்கும்போது, அவர்கள் செய்த செயலியைக் குறைசொல்ல நம்மவர்கள் வாய் எளிதில் எழாது. எனவே தன்னைக் குறைசொல்லிக்கொள்வதைக் குறியேட்டில் தனிக் குறியாகவே சேர்க்க வேண்டும். அது விழும் இடத்துக்கு முந்தைய ஒரு நிமிடத்தை மறுபடி பார்ப்பது வீண்போவதில்லை.

இனி ஒப்புமையை எப்படி அளப்பது? பத்து நிமிடப் பதிவொன்றை இருவர் குறியிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பத்து இடங்களில் தயக்கமோ குழப்பமோ கண்டார். மற்றவர் ஒன்பது இடங்களில். ஐந்து இடங்கள் பொது. பதிவை ஐந்து நொடித் துண்டுகளாக வெட்டினால் 120 துண்டு. இருவரும் ஒன்றுபோல எழுதியவை, எதுவும் எழுதாமல் விட்ட 106ஐயும் சேர்த்து, 111. அதாவது 92.5 விழுக்காடு ஒப்புமை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு நொடித் துண்டுகளாக வெட்டி, அதே குறிகள் அதேபோல விழுவதாகக் கொண்டால், அதே இருவரின் ஒப்புமை 97 ஆகிவிடும். ஒன்றும் நடக்காத நேரம்தான் இங்கே மதிப்பெண் வாங்கிக்கொடுக்கிறது.

தற்செயலான ஒப்புமையைக் கழித்துக் கணக்கிடும் வழி ஜேக்கப் கோகன் 1960இல் தந்த கப்பா. ஐந்து நொடித் துண்டுகளில் அது 0.49 வரும். பரவாயில்லை என்ற அளவு. ஆனால் கப்பாவுக்கும் ‘இருவரும் எழுதாமல் விட்டவை’ என்ற எண்ணிக்கை வேண்டும். துண்டுகள் இயற்கையாக அமைந்தவையாக இருந்தால், எடுத்துக்காட்டாக ஒவ்வொரு திரையும் ஒரு துண்டு என்றால், அது பொருளுள்ளது. ஓடும் பதிவில் அப்படிப்பட்ட எண்ணிக்கை கிடையாது, நாம் வெட்டுவதுதான். அதனால் ஹெர்ட்ஸுமும் யாகோப்சனும் கையாண்ட வகையிலான எளிய கணக்கே இங்கே நேர்மையானது: இருவரும் கண்டவற்றை, இருவரில் யாராவது கண்ட மொத்தத்தால் வகுப்பது. பொதுவானவை ஐந்து, மொத்தம் பதினான்கு, ஆகவே 36 விழுக்காடு. ஒரே பதிவு, ஒரே இருவர், 97, 92.5, 36. அறிக்கையில் எந்த எண் போடப்பட்டிருக்கிறது, எப்படி வந்தது என்று கேட்காமல் ஒப்புமை எண்களைப் படிப்பதில் பயனில்லை.

36 என்று வந்துவிட்டால் இருவரையும் உட்காரவைத்துப் பேசி ஒரே பட்டியலாக்குவது வழக்கம். அதில் குரல் ஓங்கியவர் பட்டியல் நிலைத்துவிடும் அபாயம் உண்டு. பேசுவது தேவைதான். ஆனால் முதற்குறிகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, பொருந்தாத ஒன்பது இடங்களை மட்டும் சேர்ந்து பார்த்து, ஒவ்வொன்றிலும் வேறுபாடு எங்கே வந்தது என்று எழுத வேண்டும். ஒருவர் கை கேமராவைப் பார்க்கவில்லை. ஒருவர் திரை வந்து சேரும் நேரத்தைக் கழிக்கவில்லை. இருவரும் ஒரே அசைவைக் கண்டு வெவ்வேறு பொருள் சொன்னார்கள். முதல் இரண்டும் கவனக்குறைவு, குறியேட்டில் ஒரு வரி சேர்த்தால் தீரும். மூன்றாவது தீராது. அந்த இடத்தைச் ‘சர்ச்சைக்குரியது’ என்றே அறிக்கைக்குக் கொண்டுபோக வேண்டும். எல்லாப் பதிவுகளையும் முடித்தபின் இதைச் செய்தால் திருத்த நேரமிருக்காது. முதல் இரண்டு பதிவுகளை இருவரும் தனித்தனியே குறியிட்டு, குறியேட்டைத் திருத்தி, பிறகு மற்றவற்றுக்குப் போவது நல்லது.

6. குறியிலிருந்து இடத்துக்கு

குறியிட்டு முடித்தபின் வரும் கேள்வி ‘எங்கே?’ என்பது. இதற்குப் பதில் எளிதென்று தோன்றும், நேரமும் திரையும் பதிவிலேயே இருக்கின்றனவே. நம் எடுத்துக்காட்டில் குறிகள் குவிவது ‘தொடர்’ பொத்தானின் மேல். தட்டல் தரவு மட்டும் கைக்கு வந்த குழு, பொத்தானைப் பெரிதாக்கி, நிறத்தை மாற்றி, வேலை முடிந்ததென்று இருந்துவிடும். அடுத்த சோதனையிலும் அதே மூன்று தட்டல்கள் விழும், இம்முறை பெரிய பொத்தானின் மேல்.

ஆகவே ஒவ்வொரு குழப்பத்துக்கும் இரண்டு நேரங்களை எழுதுவது பயன்தரும்: வெளித்தெரிந்த நொடி, தொடங்கியிருக்கக்கூடிய நொடி. இங்கே வெளித்தெரிந்தது 02:38. தொடங்கியது 02:14, மண்டலப் பட்டியல் திரையில் இருந்தும் அவர் அதைத் தலைப்பென்று கடந்துபோன இடம். இரண்டாவது நேரம் ஊகம்தான் என்பதால் அதற்கான சான்றையும் கூடவே எழுத வேண்டும்: ஏழு நொடியில் கை அட்டையில் இருந்தது, 03:05 வரை விரல் மேற்பகுதிக்குப் போகவேயில்லை, சரியான எண்ணை அழித்தார். இப்படி எழுதியபின் பார்த்தால் செய்ய வேண்டியவை வேறாக இருக்கின்றன. பட்டியலில் ‘உங்கள் மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள்’ என்று எழுதுவது ஒன்று. மண்டலமின்றி பொத்தானைத் தட்டினால் எது குறைகிறதென்று அந்த இடத்திலேயே சொல்வது மற்றொன்று. 03:05இல் வந்த தயக்கம், தன் ஊர் எந்த மண்டலத்தில் வருகிறது என்பது, இவை இரண்டாலும் தீராத தனிச் சிக்கல். மாவட்டப் பெயரைக் கொண்டு தேட வழிவிட்டால் ஒருவேளை தீரலாம்.

எண்ணும்போதும் இதே கவனம் வேண்டும். இந்த ஒருவரின் பதிவில் மறுதட்டல், அழித்து எழுதல், நிறுத்தம் என்று அரை டஜன் குறிகள் விழுந்திருக்கின்றன. அவை அரை டஜன் சிக்கல்கள் ஆகமாட்டா. ஒரு தொடக்கத்திலிருந்து கிளைத்தவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, எத்தனை பேருக்கு அது நேர்ந்தது என்றுதான் எண்ண வேண்டும். குறிகளைக் கூட்டினால், பொறுமையோடு ஏழு முறை முயன்றவர் இரண்டாம் முறையே கைவிட்டவரைவிட அதிகம் குழம்பியவராகத் தெரிவார்.

குறியிடும் முன்பே சிக்கல் இன்னதென்று முடிவுகட்டியிருப்பதும் உண்டு. மீ நோர்கோரும் காஸ்பர் ஹார்ன்பெக்கும் டென்மார்க்கில் ஏழு நிறுவனங்களில் பதினான்கு சோதனை அமர்வுகளைக் கூடவே இருந்து கவனித்து 2006இல் எழுதினார்கள். மதிப்பீட்டாளர்கள் பெரும்பாலும் தமக்கு முன்பே தெரிந்த சிக்கல்களுக்குச் சான்று தேடுவதையும், அமர்வு முடிந்த கையோடு முறையான பகுப்பாய்வு அரிதாகவே நடப்பதையும் கண்டார்கள். இதற்கு முழுத் தடுப்பு இல்லை. செயலியை வடிவமைத்தவரை முதல் சுற்றுக் குறியிடலிலிருந்து விலக்கிவைப்பதும், இரண்டாம் சுற்றில் சரியான வழியைச் சொல்ல மட்டும் அழைப்பதும் ஓரளவு உதவும்.

கடைசியாக 03:27இன் அந்த ஆறு நொடி. குறியேட்டில் ‘சரிபார்ப்பு’ என்ற குறி இல்லாவிட்டால் அது தயக்கமாகத்தான் பதிவாகும். தயக்கமாகப் பதிவானால், தொகையைத் தனித்திரையில் காட்டுவது நேரத்தை வீணாக்குகிறது என்று அறிக்கை சொல்லும். அடுத்த பதிப்பில் தொகையும் பணம் செலுத்தும் பொத்தானும் ஒரே திரைக்கு வந்துவிடும், வேலை முடிக்கும் நேரமும் ஆறு நொடி குறைந்துவிடும். வேறொருவர் வீட்டு இணைப்பு எண்ணைத் தவறிப் போட்டவர் அதைக் கவனிக்கும் ஒரே இடமும் அத்தோடு போய்விடும். அந்த இழப்பு எந்தச் சோதனைப் பதிவிலும் தெரியாது, ஏனென்றால் சோதனையில் எல்லோர் கையிலும் சரியான அட்டையைத்தான் கொடுக்கிறோம்.